போட்டோவைப் பார்த்தே செட்டாப் பாக்ஸ், டிஷ் எந்த இணைப்புக்கு என்று கண்டுபிடிப்பது: மலை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் டிவி, டிஷ் சர்வீஸ் பார்க்கிறேன். சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி, அரவேனு பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ வராத நாளே கிடையாது. "அண்ணா, வாடகை வீட்டுல இந்த பாக்ஸ் இருக்கு, இது எந்த கனெக்ஷன்?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். மலையில் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்ப அரை நாள் ஆகும். தவறான பாக்ஸையோ, டிஷ்ஷின் கை நுனியில் சிக்னல் வாங்கும் எல்.என்.பி.யையோ எடுத்துக்கொண்டு போனால் அந்த அரை நாளும் போச்சு, மறுநாள் இன்னொரு அரை நாளும் போச்சு.

கடையில் வேலை பழக வரும் பையன்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். போட்டோ வந்ததும் டிஷ்ஷில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள். பெயரைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எதை முதலில் பார்ப்பது, ஏன் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

## 1. முதலில் சரியான போட்டோக்களைக் கேட்டு வாங்குங்கள்

வழக்கமாக வருவது பாக்ஸின் முன்பக்கப் போட்டோ. அதில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பெயரும் தவிர எதுவும் இருக்காது. அதை வைத்து யோசிப்பது வீண். இந்த ஐந்தையும் கேளுங்கள்:

- பாக்ஸின் பின்பக்கம் முழுவதும், ஒயர்கள் செருகியபடியே
- பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், கிட்டத்தில்
- டிஷ், சரியாகப் பக்கவாட்டிலிருந்து
- டிஷ்ஷின் கையில் இருக்கும் எல்.என்.பி., ஒயர் நுழையும் இடம் தெரியும்படி
- பாக்ஸை ஆன் செய்தபின் டிவி திரை

ஒயரைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். இன்னொன்று, கரண்ட் இருக்கும்போது டிஷ் ஒயரைக் கழற்றினால் நடுக்கம்பி வெளிவலையில் பட்டு பாக்ஸ் பழுதாகலாம்.

ஸ்டிக்கருக்கு ஃபிளாஷ் போடக்கூடாது. பளபளப்புத் தாளில் வெளிச்சம் பட்டு எழுத்து வெள்ளையாகப் போய்விடும். இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னால் பொடி எழுத்தும் தெரியும். மழைக்காலத்தில் லென்ஸில் பனி படிந்திருக்கும், துடைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். படத்தைச் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் எழுத்து மங்காது.

ஸ்டிக்கரில் கார்டு எண், பாக்ஸ் எண் எல்லாம் இருக்கும். தெரிந்த சர்வீஸ்காரருக்கு அனுப்பலாம். நாலு பேர் பார்க்கும் குழுவில் போடுவதாக இருந்தால் அந்த எண்களை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.

## 2. பாக்ஸின் பின்பக்கத்தைப் படியுங்கள்

வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடும். சிக்னல் எந்தத் துளை வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி. படம் வெளியே போகும் துளைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐ துளையோ மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்களோ இருப்பதால் எந்த இணைப்பு என்று தெரியாது. அவை எல்லா வகைப் பாக்ஸிலும் வரும்.

உள்ளே வரும் துளைக்கு மேலே `LNB IN` அல்லது `SAT IN` என்றிருந்தால் அது டிஷ்ஷிலிருந்து ஒயர் வரும் பாக்ஸ். `RF IN` அல்லது `CABLE IN` என்றிருந்தால் கேபிள்காரர் கொடுத்த பாக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அரசு கேபிள் பாக்ஸும் இந்த வகைதான். வட்டத் துளையே இல்லாமல் `LAN` என்ற சதுரத் துளை மட்டும் இருந்தால் இன்டர்நெட் வழியாக ஓடும் பாக்ஸ்.

புதியவர்கள் துளையின் வடிவத்தை வைத்து முடிவு செய்வார்கள். "திருகு போட்ட துளை, அதனால டிடிஎச்" என்பார்கள். இது தவறு. திருகும் எஃப் கனெக்டர் கேபிள் பாக்ஸிலும் உண்டு. வடிவத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்.

`LNB IN`, `LAN` இரண்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். அது டிஷ்ஷிலும் இன்டர்நெட்டிலும் ஓடும் பாக்ஸ். டிஷ் ஒயர் செருகியிருந்தால் டிடிஎச் இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சில வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதையும் செட்டாப் பாக்ஸ் என்று அனுப்புவார்கள். நாலைந்து விளக்கு எரியும், பச்சை முனை போட்ட மெல்லிய ஃபைபர் ஒயர் உள்ளே போகும். அது ஃபைபர் மோடம். அதில் `CATV` என்ற வட்டத் துளையும் அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயரும் இருந்தால், கேபிள் டிவியும் அதே ஃபைபரில்தான் வீட்டுக்கு வருகிறது. அந்தக் கறுப்பு ஒயர் எங்கே போகிறதோ அங்கேதான் உண்மையான செட்டாப் பாக்ஸ் இருக்கும். அதன் போட்டோவைத் திரும்பக் கேளுங்கள்.

## 3. ஸ்டிக்கரில் இரண்டே விஷயம் பாருங்கள்

பின்பக்கத்து எழுத்து அழிந்துபோயிருக்கலாம். அப்போது அடியில் இருக்கும் ஸ்டிக்கர்தான் சாட்சி. எழுத்து தெளிவாக இருந்தாலும் ஒருமுறை ஸ்டிக்கரோடு ஒத்துப்பார்ப்பது நல்லது.

முதல் விஷயம் வோல்ட். `13/18V` என்று எங்காவது அச்சாகியிருந்தால் அது டிஷ் பாக்ஸ், மறுபேச்சு வேண்டாம். டிஷ்ஷின் கையில் இருக்கும் எல்.என்.பி.க்குத் தனியாகக் கரண்ட் கிடையாது. பாக்ஸ்தான் அதே ஒயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி அதை ஓட்டுகிறது. கேபிள் பாக்ஸுக்கு அந்த வேலையே இல்லை, அதனால் இந்த எழுத்தும் அதில் இருக்காது.

இரண்டாவது அலைவரிசை. `950-2150MHz` என்றிருந்தால் டிஷ். எல்.என்.பி. வானத்திலிருந்து வருவதை இந்த அளவுக்கு இறக்கித்தான் ஒயரில் அனுப்பும். 50-க்குப் பக்கத்தில் தொடங்கி 860-க்குப் பக்கத்தில் முடிந்தால் அது கேபிள். `DVB-S` அல்லது `DVB-S2` என்றால் சாட்டிலைட், `DVB-C` என்றால் கேபிள். கடைசி எழுத்தைக் கவனித்தால் போதும்.

டிஷ் பாக்ஸ் என்று உறுதியானதும், கட்டணமா இலவசமா என்று பார்க்க வேண்டும். கார்டு செருகும் இடம், கார்டு எண், கம்பெனியின் சந்தாதாரர் எண் இவற்றில் ஏதாவது இருந்தால் கட்டண டிடிஎச். எதுவுமே இல்லாமல் வெறும் தயாரிப்பு எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குப் போடும் இலவச பாக்ஸ். "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் உண்டு. சில கட்டண பாக்ஸ்களில் கார்டு உள்ளேயே பொதிந்திருக்கும், வெளியே துளை தெரியாது. அப்போது டிவி திரைப் போட்டோ கை கொடுக்கும். கட்டண பாக்ஸ் ஆன் ஆனதும் கம்பெனியின் முகப்பைக் காட்டிவிடும்.

இலவச பாக்ஸ் என்றால் ஸ்டிக்கரில் `MPEG-2` என்றிருக்கிறதா `MPEG-4` என்றிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எம்பெக்-2 பாக்ஸால் எம்பெக்-4 சேனல்களைக் காட்ட முடியாது. "பக்கத்து வீட்ல அந்த சேனல் வருது, எங்க வீட்ல வரல" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். டிஷ்ஷைத் திருகித் திருகிப் பார்த்துப் பயன் இல்லை.

## 4. கூரையில் இருப்பது டிவி டிஷ் தானா?

மலையில் கூரை மேல் பலவிதமான சாமான் இருக்கும். எல்லாம் டிவி டிஷ் ஆகாது.

60 முதல் 65 சென்டிமீட்டர் அகலத்தில், லேசாக நீள்வட்டமாக, ஓட்டையில்லாத தகடு, கீழ் விளிம்பிலிருந்து ஒரே ஒரு கை நீட்டியிருந்தால் அது டிடிஎச் டிஷ். கட்டணமானாலும் இலவசமானாலும் இதே வடிவம்தான்.

ஆறடி, எட்டடி அகலத்தில் வலை போட்டு, மூன்று நாலு கால்கள் நடுவில் கூடி அங்கே குழாய் போன்ற தலை இருந்தால் அது சி பேண்ட் டிஷ். கேபிள் கன்ட்ரோல் ரூமிலும் பழைய எஸ்டேட் பங்களாக்களிலும் இருக்கும். இன்றைய டிடிஎச் பாக்ஸை அதில் மாட்டினால் எதுவும் வராது, தலையின் அலைவரிசையே வேறு.

மீன் முள் போன்ற ஆண்டெனா பழைய தூர்தர்ஷன் டவருக்கானது. தரைவழி அனலாக் டவர்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டார்கள். அந்த ஒயரை எதிலும் செருக வேண்டாம்.

இப்போது அதிகம் குழப்புவது வயர்லெஸ் இன்டர்நெட் சாமான். சின்ன டிஷ் போலவும் இருக்கும், வெள்ளைப் பலகை போலவும் இருக்கும். இதை இரண்டு விதத்தில் பிரிக்கலாம். கீழே இறங்கும் ஒயரின் முனையில் திருகுக்குப் பதிலாக இன்டர்நெட் பின் இருக்கும். அப்புறம், அது வானத்தைப் பார்க்காது. எதிர்மலையில் இருக்கும் டவரை நேராகப் பார்த்து நிற்கும். நம் ஊரில் டிவி டிஷ் அப்படி நிற்கவே நிற்காது. ஏன் என்பது அடுத்த படியில்.

## 5. டிஷ்ஷின் சாய்வும் திசையும்

அழிக்க முடியாத அடையாளம் இதுதான். பெயரை பெயின்ட் அடித்து மறைக்கலாம், பாக்ஸை மாற்றலாம். ஆனால் டிஷ் எந்த சாட்டிலைட்டைப் பார்த்து இறுக்கப்பட்டதோ அந்தச் சாய்வில்தான் நிற்கும்.

ஒவ்வொரு சேவைக்கும் சாட்டிலைட் நிற்கும் தீர்க்கரேகை வேறு. டாடா ப்ளே 83 டிகிரி கிழக்கு, டி2எச் 88, சன் டைரக்ட்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் 93.5, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2. நீலகிரி கிட்டத்தட்ட 77 டிகிரியில் இருப்பதால் இவை எல்லாமே நமக்குத் தென்கிழக்குப் பக்கம். எண் கூடக் கூட சாட்டிலைட் கிழக்கே நகரும், உயரமும் இறங்கும்.

கோத்தகிரிக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும். 83-இல் இருப்பது திசைகாட்டியில் சுமார் 151 டிகிரியில், தரையிலிருந்து 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கிறது. 93.5-க்குத் திசை 123, உயரம் 66. 108.2-க்குத் திசை 108, உயரம் 51. கொடைக்கானலுக்கும் ஓரிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அங்கேயும் இதே எண்களை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் போட்டோவில் டிஷ் இவ்வளவு மேலே பார்ப்பது போலத் தெரியாது. டிடிஎச் டிஷ்ஷின் கை கீழே இருப்பதால், முகம் பார்ப்பதுபோல் தோன்றும் இடத்தைவிடச் சுமார் 25 டிகிரி மேலேயிருந்துதான் அது சிக்னல் வாங்குகிறது. அதனால் சாட்டிலைட் உயரத்தில் 25-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 83-க்கு முகம் 50 டிகிரி வானத்தை நோக்கி மல்லாந்திருக்கும். 93.5-க்கு 41 டிகிரி. 108.2-க்கு 26 டிகிரி, கொஞ்சம் நிமிர்ந்து நிற்பது போலவே இருக்கும்.

இதை அளக்கத்தான் பக்கவாட்டுப் போட்டோ. கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் சாய்வு பொய்யாகத் தெரியும். டிஷ்ஷின் உயரத்துக்கே போய், கதவுச் சட்டமோ சுவர் விளிம்போ ஏதாவது ஒரு நேர்க்கோடும் படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். டிஷ் கம்பத்தை நேர்க்கோடாக எடுக்காதீர்கள், காற்றில் அதுவே சாய்ந்திருக்கும்.

திசைக்கு, டிஷ்ஷின் முதுகுப்பக்கம் நின்று டிஷ் பார்க்கும் பக்கமே போன் திசைகாட்டியை நீட்டி எண்ணைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். இரும்புக் கம்பத்திலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி முப்பது நாற்பது டிகிரி கூடத் தவறிப்போகும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. 88, 93.5, 95 மூன்றுக்கும் சாய்வு வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான், அதைப் போட்டோவில் பிரிக்க முடியாது. நன்றாக மல்லாந்து தெற்கே திரும்பியது, நடுத்தரம், நிமிர்ந்து கிழக்கே திரும்பியது என்ற மூன்று கூட்டமாகப் பிரிக்க முடியும். அவ்வளவே போதும், மிச்சத்தை பாக்ஸ் சொல்லிவிடும்.

## 6. எல்.என்.பி.யும் ஒயரும்

இங்கே அதிக நேரம் வேண்டாம். எல்.என்.பி.யில் எத்தனை முனை, அதில் எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள். இரண்டு முனை இருந்து ஒன்றில்தான் ஒயர் என்றால் இன்னொரு டிவிக்கு வழி இருக்கிறது.

ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பனிக்கும் மழைக்கும் முதலில் கெடுவது அந்த முனைதான். செம்பில் பச்சை பூத்திருப்பது நல்ல போட்டோவில் தெரியும்.

## 7. இப்போது பொருத்துங்கள்

பாக்ஸ் சொல்வதும் டிஷ் சொல்வதும் தனித்தனியாகக் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

கட்டண பாக்ஸும் அதே கம்பெனியின் திசையில் நிற்கும் டிஷ்ஷும் இருந்தால் இணைப்பு முழுமையாக இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அந்தக் கம்பெனிக்கு பாக்ஸ் எண்ணையோ கார்டு எண்ணையோ சொல்லி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் ரீசார்ஜ் செய்யுங்கள். முன்பு குடியிருந்தவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றம் செய்யாமல் பணம் போடாதீர்கள்.

டிஷ் ஒரு கம்பெனி, பாக்ஸ் இன்னொன்று என்றால் பாக்ஸை நம்புங்கள். டிஷ்ஷும் கையும் பொதுச் சாமான் மாதிரிதான், திருப்பி வைத்தால் இன்னொரு சாட்டிலைட்டுக்கு வேலை செய்யும். பாக்ஸ் அப்படி இல்லை. ஒரு கம்பெனி பாக்ஸில் இன்னொரு கம்பெனி கார்டைப் போட்டால் ஓடாது.

கேபிள் பாக்ஸும் கூரையில் டிஷ்ஷும் இருக்கும் வீடுகள் நிறைய. டிஷ் பழைய குடித்தனக்காரர் விட்டுப்போனதாக இருக்கும். டிஷ் ஒயரைக் கேபிள் பாக்ஸில் திருகினால் படம் வராது. கேபிள் லைனை `LNB IN`-இல் மாட்டினால் இன்னும் மோசம். பாக்ஸ் அனுப்பும் 13, 18 வோல்ட் லைனில் ஏறி, கேபிள்காரரின் சாமானைப் பாழாக்கலாம். இது கேபிள் பாக்ஸ்தான், உங்கள் பகுதி கேபிள்காரரிடம் பேசுங்கள் என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

டிஷ் மட்டும் இருக்கிறது, பாக்ஸ் இல்லை என்றால், டிவியின் பின்பக்கப் போட்டோ ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். சில புது டிவிகளில் சாட்டிலைட் துளை டிவியிலேயே இருக்கும். இலவச சேனல்களுக்கு அதுவே போதும்.

## 8. அந்த வீட்டுக்கு எது ஏறும்?

புது இணைப்புதான் போட வேண்டும் என்று முடிவானால், பேக்கேஜ் விலையைப் பேசுவதற்கு முன் தென்கிழக்குப் பக்கம் என்ன நிற்கிறது என்று ஒரு போட்டோ கேளுங்கள். சமவெளியில் இந்தக் கேள்வியே எழாது. இங்கே கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் மண் மேடும் வீட்டை ஒட்டியே நிற்கும்.

டிஷ்ஷைவிட 15 மீட்டர் உயரமான சில்வர் ஓக் ஒன்று சரியாக சாட்டிலைட் திசையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 83 டிகிரி சாட்டிலைட்டுக்கு அந்த மரம் நாலு மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். 93.5-க்கு ஆறரை மீட்டர் வேண்டும். 108.2-க்கு 12 மீட்டர் வேண்டும். வீட்டின் கிழக்கே செங்குத்தான மேடு இருந்தால் 108.2 மறைந்து, மற்றவை தெரியும்படி இருக்கும். அங்கே வேறு வழியில்லாமல் எல்லாமே மறைந்தால் கேபிளோ ஃபைபரோதான்.

மரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இலை அசையும்போது படம் உடைந்து உடைந்து வந்தால் மரம் இப்போதே விளிம்பில் நிற்கிறது, அடுத்த வருஷம் முழுவதும் மறைத்துவிடும். மூடுபனியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது சிக்னலை அதிகம் தின்னாது. கனமழைதான் தின்னும். மழை விட்டதும் தானே வந்துவிட்டால் எதையும் திருகாதீர்கள்.

## 9. ஒரு வீட்டின் போட்டோக்கள், முதலிலிருந்து கடைசி வரை

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், அரவேனு பக்கம் லைன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்காகப் பேசினார். "டிஷ்ல பேர் இருக்குங்க அண்ணா. அந்த கம்பெனி ஆப்ல நம்பர் போட்டா எடுக்கவே மாட்டேங்குது. புதுசாவே ஒண்ணு போட்டுடலாமா?" என்றார். டிஷ்ஷில் சன் டைரக்ட் பெயர் இருந்தது. அவர் ஆப்பில் போட்டுப் பார்த்தது பாக்ஸின் அடியில் இருந்த எண்.

வேறெதுவும் செய்ய வேண்டாம், ஐந்து போட்டோக்களை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்து அனுப்பினான்.

பின்பக்கத்தில் `LNB IN`, மூன்று வண்ணப் பின்கள். எச்டிஎம்ஐ இல்லை, கார்டு துளை இல்லை. ஸ்டிக்கரில் `13/18V`, `DVB-S`, `MPEG-2`, ஒரு தயாரிப்பு எண். சந்தாதாரர் எண் எங்கேயும் இல்லை. அதாவது இது இலவச பாக்ஸ். ஆப் அந்த எண்ணை எடுக்காததில் ஆச்சரியமில்லை, அது எந்தக் கம்பெனியின் கணக்கிலும் இல்லாத எண்.

டிஷ்ஷின் பக்கவாட்டுப் படத்தில் முகம் ஏறக்குறைய 40 டிகிரி மல்லாந்திருந்தது. திசைகாட்டி 160 காட்டியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. 160 என்றால் 83 டிகிரி சாட்டிலைட்டின் பக்கம், ஆனால் அதற்கு முகம் 50 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இப்படி முரண்பட்டால் நான் திசைகாட்டியைத்தான் சந்தேகப்படுவேன். பையனிடம் எங்கே நின்று எடுத்தாய் என்று கேட்டேன். "கம்பத்தப் புடிச்சிட்டுதாங்க நின்னேன், கீழ தகரம்" என்றான். முற்றத்து மண்ணில் இறங்கி, டிஷ்ஷுக்கு நேர் பின்னால் தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன். 125 வந்தது.

125-உம் 40-உம் சேர்ந்தால் 93.5-இன் பக்கம். சன் டைரக்ட்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் ஒரே இடத்தில் இருப்பதால், பழைய சன் டைரக்ட் டிஷ்ஷைத் திருப்பாமலே இலவச பாக்ஸை மாட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் இது சர்வசாதாரணம். அதனால்தான் பெயரைக் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன்.

டிவி திரைப் படத்தில் பாக்ஸின் மெனு திறந்திருந்தது, சிக்னல் பட்டை மட்டும் காலி. இதுவும் முக்கியமான விஷயம். டிவியே தன் எழுத்தில் சிக்னல் இல்லை என்று மிதக்கவிட்டால் பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் ஒயரிலோ இன்புட்டிலோ கோளாறு. பாக்ஸின் மெனு வந்து அதில் சிக்னல் இல்லை என்றால் கோளாறு டிஷ் பக்கம். இங்கே பாக்ஸும் டிவியும் நன்றாகவே இருந்தன.

கடைசிப் போட்டோவில் எல்.என்.பி. முனையில் ரப்பர் மூடி இல்லை, திருகைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. டிஷ் அசையவில்லை, சாய்வு சரியாகவே இருக்கிறது, முனைதான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். இரண்டு எஃப் கனெக்டர், ஒரு ரப்பர் மூடி, கொஞ்சம் டேப் எடுத்துக்கொண்டு போனேன். பாக்ஸின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கறுத்துப்போன ஒயரை அரை அடி வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் இடத்திலிருந்து புது முனை போட்டேன். டிஷ்ஷைத் தொடவில்லை. ஆன் செய்ததும் பட்டை ஏறியது, சேனல்கள் வந்தன.

அம்மா ஒரு சேனல் பெயரைச் சொல்லி அது மட்டும் இல்லையே என்றார். பாக்ஸ் எம்பெக்-2 என்பதால் அது அதில் வராது, எம்பெக்-4 பாக்ஸ் மாற்றினால் இதே டிஷ், இதே ஒயரில் வரும், மாதக் கட்டணம் எதுவும் கிடையாது என்று சொன்னேன். மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் பாக்ஸ் வாங்கும்போது ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து முதலில் எனக்கு அனுப்புங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.